நொக்குமால் என்றால் இடியப்பம்

கேள்வி: வணக்கம். நான் டோர்ட்முண்டில் இருக்கிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். கணவர் ஜேர்மன்காரர். மகனுக்கு நாலு வயது, தமிழ் விளங்காது. போன வருடம் அம்மா மூன்று மாத விசாவில் வந்து எங்களோடு நின்றா. அவவுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டதைச் சிறுகதையாக எழுதினேன். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. ஒன்று "மாற்றம் திடீரென்று நடக்கிறது" என்றது. மற்றது "ஜேர்மன் வசனங்கள் புரியவில்லை" என்றது. கதையை இணைத்திருக்கிறேன். எங்கே பிழைத்தது? ஜேர்மன் சொற்களை எப்படி எழுதுவது? விமான நிலைய முடிவு சரிதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கதை பதினொரு பக்கம். அதில் ஒன்பது பக்கங்களில் உங்கள் அம்மாவும் மகனும் இருக்கிற அறையில் நீங்களும் இருக்கிறீர்கள். பிழைத்த இடம் அதுதான்.

மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். பையன் "டுர்ஸ்ட்" என்கிறான். "தண்ணி விடாய்க்குதாம்" என்று நீங்கள் அம்மாவிடம் சொல்கிறீர்கள். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். காரியம் முடிந்தது. ஆனால் அந்த இடத்தில் புது மொழி எதுவும் பிறக்கவில்லை, பிறக்க வேண்டிய தேவையும் இல்லை. மொழிபெயர்க்க ஆள் பக்கத்தில் இருந்தால் இரண்டு பேரும் அந்த ஆளைத்தான் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். உங்கள் கதையில் பையன் பாட்டியின் முகத்தைப் பார்ப்பதாக வரும் முதல் வரி ஆறாம் பக்கத்தில்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே முதல் வேலை, உங்களை வெளியே அனுப்புவது. அதற்கு வழி உங்கள் கதையிலேயே இருக்கிறது. பையனைப் பகல் 2 மணிக்கு வீட்டில் விட்டுவிட்டு அப்பா வேலைக்குத் திரும்பிவிடுகிறார், நீங்கள் 5 மணிக்கு வருகிறீர்கள் என்று ஓரிடத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று மணி நேரம்தான் கதை. விசா 90 நாள். சனி ஞாயிறைக் கழித்தால் சுமார் 65 நாள். நாளுக்கு மூன்று மணி என்றால் 195 மணி நேரம். இந்த நேரத்துக்குள் என்ன முடியும், என்ன முடியாது என்று பார்த்தால் "திடீரென்று நடக்கிறது" என்ற புகாருக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். 195 மணி நேரத்தில் பையன் தமிழ் பேச மாட்டான். நாற்பது ஐம்பது சொல் புழங்கலாம், அவ்வளவுதான். அதிலும் பாதி தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை என்று இருக்கும்.

நீங்கள் வெளியே போனால் கதையை யார் சொல்வது? "நான்" என்று எழுத முடியாது, நீங்கள்தான் அங்கே இல்லையே. அம்மம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று படர்க்கையில் எழுதுங்கள். அவர் காதில் விழுவது மட்டுமே பக்கத்தில் விழட்டும். இதனால் உங்கள் இரண்டாவது கேள்வியும் பெரும்பாலும் தீர்ந்துபோகும். தமிழ் வாசகர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அம்மம்மாவுக்கும் தெரியாது. அவருக்குப் புரியாதது வாசகருக்கும் புரியாமல் இருக்கட்டும், அவர் ஊகிப்பதை வாசகரும் ஊகிக்கட்டும். அந்த இதழாசிரியர் "வசனங்கள் புரியவில்லை" என்று எழுதியது நியாயம்தான். நீங்கள் நீளநீளமான ஜெர்மன் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுப் பொருளும் கொடுத்திருக்கிறீர்கள். அடைப்புக்குறி வந்ததுமே அங்கே மறுபடி நீங்கள்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறீர்கள்.

இனி பையன். உங்கள் கதையில் முதல் இரண்டு வாரம் அவன் வாயே திறப்பதில்லை, கூச்சப்பட்டு மூலையில் நிற்கிறான். நாலு வயதுப் பிள்ளை அப்படி இருந்தால் முதல் ஒன்றிரண்டு நாள்தான். அப்புறம் அவன் ஜெர்மனில் பொழிந்து தள்ளுவான். பதில் வராததைப் பார்த்ததும் செய்வான் பாருங்கள் ஒரு வேலை, அது உங்கள் கதைக்குப் பெரிய வரம். மேரிலின் ஷாட்ஸ், ரோஷல் கெல்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாலு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, அதைப் பற்றிப் பெரியவர்களுக்கும் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் விளக்கச் சொன்னார்கள். பெரியவர்களிடம் நீள வாக்கியத்தில் பேசிய அதே பிள்ளைகள் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் சின்னச்சின்ன வாக்கியங்களில், எளிமையாகப் பேசினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்படியானால் உங்கள் மகன் அம்மம்மாவை என்னவாக எடுத்துக்கொள்வான்? பேச்சு வராத பெரிய குழந்தையாக. அவரும் அவனை அப்படித்தான் நினைத்திருப்பார். இரண்டு பேரும் எதிரே இருப்பவரைக் குழந்தையாக நினைத்து, ஒற்றைச் சொல்லில், குரலை உயர்த்தி, கையை ஆட்டிப் பேசுகிற அந்த முதல் வாரத்தை எழுதுங்கள். உங்கள் கதையில் பாட்டி ஆசிரியர், பேரன் மாணவன். "இது என்ன, சொல்லு பார்ப்பம், மாங்காய்" என்று பாடம் நடக்கிறது. அது மொழியைக் கற்றுக்கொள்ளும் கதை. நீங்கள் எழுத வந்தது இரண்டு பேரும் தங்கள் மொழியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி வருகிற கதை.

முதல் பக்கத்தில், அம்மா வந்து இறங்கும் விமான நிலையக் காட்சியில் ஒரு வரி இருக்கிறது. "ஓமா என்றால் ஜேர்மன் பாஷையில் பாட்டி என்று அம்மாவுக்கு விளக்கினேன்." ஐயோ, ஏன் விளக்கினீர்கள்? எங்கள் பக்கத்தில் நாங்கள் "ஆமாம்" என்போம், உங்கள் ஊரில் "ஓம்". பையன் "ஓமா!" என்று கூப்பிட்டால் அம்மம்மாவின் காதில் அது எப்படி விழும்? "ஓமா?" என்று எதையோ கேட்கிறான் என்றுதானே. அவர் "ஓம், ஓம்" என்பார். பையனுக்கோ, பாட்டியைக் கூப்பிட்டால் "ஓம்" என்று பதில் வருகிறது, அவ்வளவுதான். நாள் முழுக்க "ஓமா?" "ஓம்" என்று வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் அழைக்கிறார், மற்றவர் ஆமோதிக்கிறார். இரண்டு பேருக்கும் தவறு நடப்பதே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு நிஜத்தில் அந்தச் சொல் தெரிந்திருக்கலாம். கதையில் இருக்கும் அம்மம்மாவுக்குத் தெரியாமல் இருக்கட்டும். இலவசமாகக் கையில் கிடைத்த காட்சியை முதல் பக்கத்திலேயே வீணாக்கிவிட்டீர்கள்.

உங்கள் கதையின் புதையல் ஐந்தாம் பக்கத்தில் ஒரே வரியாகக் கிடக்கிறது: "அம்மா இடியப்பம் புழியப் புழிய அவன் நொஹ்மால் நொஹ்மால் என்று கத்தினான், அம்மா சிரித்தா." அடுத்த வரியில் பூங்காவுக்குப் போய்விடுகிறீர்கள். இந்த ஒரு வரியை மூன்று பக்கமாக விரித்தால் கதை நிமிர்ந்துவிடும். எப்படி என்று விரிவாகவே சொல்கிறேன்.

அம்மம்மா மாவில் கொதிநீர் ஊற்றி அகப்பைக் காம்பால் குழைத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் அடைக்கிறார். ஆறினால் மா இறுகிவிடும், பிழிய வராது. முதல் தட்டில் வெள்ளை இழைகள் சுற்றிச்சுற்றி விழுகின்றன. பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். "நொஹ்மால்!" அடுத்த தட்டு. "நொஹ்மால்!" மா தீரும்வரை எட்டுத் தட்டு, எட்டு நொஹ்மால்.

உங்களுக்கு அது "இன்னொருக்கா" என்று தெரியும். அம்மம்மாவுக்குத் தெரியாது. அவர் எட்டு முறை ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறார், எட்டு முறையும் கண்ணெதிரே இடியப்பம் விழுந்திருக்கிறது. அவர் என்ன முடிவுக்கு வருவார்? இந்த ஊரில் இடியப்பத்துக்கு நொக்குமால் என்று பேர். இதை முட்டாள்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. க்வைன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1960இல் இதையே ஒரு புதிராகப் போட்டார். மொழி தெரியாத ஊருக்குப் போகிறீர்கள். ஒரு முயல் ஓடுகிறது, உள்ளூர்க்காரர் "கவகாய்" என்கிறார். அது முயலா, ஓட்டமா, முயலின் ஏதோ ஒரு பகுதியா? அந்த ஒரு காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உங்கள் அம்மாவின் முயல், இடியப்பம்.

மறுநாள் பிள்ளை வந்ததும் அவர் ஆசையாகக் கேட்கிறார்: "நொக்குமால்?" எழுத்து மாறியிருப்பதைக் கவனியுங்கள். ஹ் என்ற கரகரப்பு தமிழ் வாயில் க் ஆகி, பக்கத்தில் ஒரு உகரமும் ஒட்டிக்கொள்ளும். பையனுக்கு அது "மறுபடியுமா?" என்று கேட்கிறது. எது மறுபடியும்? நேற்று நடந்த அந்த அதிசயம்தான். "யா!" என்று குதிக்கிறான். இடியப்பம் வருகிறது. அவர் ஊகம் உறுதியாகிவிட்டது. மூன்றாம் நாளும் அப்படியே. தவறான சொல் ஒன்று ஒரு வாரம் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது, இரண்டு பேருக்கும் திருப்தி.

தவறு வெளிப்பட இன்னொரு இடம் வேண்டும். உங்கள் கதையில் வரும் அதே பூங்கா போதும். ஊஞ்சலில் பையன். அம்மம்மா ஒரு முறை தள்ளுகிறார். "நொஹ்மால்!" அவர் யோசிக்கிறார். இப்போதுதானே சாப்பிட்டான், அதற்குள் பசியா? "சரி, சரி, வீட்டை போய்ச் செய்து தாறன்" என்று அவனை ஊஞ்சலிலிருந்து இறக்குகிறார். அவன் கத்துகிறான், உதைக்கிறான். அவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். மூச்சு வாங்க மா குழைத்து, பிழிந்து, அவித்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டு முன்னால் வைக்கிறார். பையன் தட்டைத் தள்ளிவிடுகிறான். கேட்டதைக் கொடுத்தும் கோபிக்கிறானே என்று அவருக்கு வருத்தம். கேட்டதைக் கொடுக்காமல் இழுத்து வந்துவிட்டாளே என்று இவனுக்கு. உங்கள் பதினொரு பக்கத்திலும் ஒருவர்கூட ஒருமுறைகூடக் கோபப்படவில்லை. மொழி இல்லாத இரண்டு பேர் மூன்று மாதம் சண்டையில்லாமல் இருந்தார்கள் என்றால் நம்ப முடியவில்லை, மன்னிக்கவும்.

இதைச் சரிசெய்வதையும் பேச்சில்லாமல் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து அதே ஊஞ்சல். இம்முறை பையன் அவர் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்து அழுத்துகிறான். "நொஹ்மால்." அவர் தள்ளுகிறார். ஊஞ்சல் நிற்கிறது. "நொஹ்மால்." தள்ளுகிறார். இந்த இடத்தில் "அவளுக்குப் புரிந்தது" என்று எழுதத்தான் கை வரும். எழுதாதீர்கள். அன்று சாயந்திரம் வீட்டில் அவர் ஒரு தட்டு பிழிந்துவிட்டு, கையை உரலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கட்டும். பையன் சொல்கிறான், "நொஹ்மால்." அவர் பிழிகிறார். மறுபடி நிறுத்துகிறார். காத்திருக்கிறார். அவர் சோதித்துப் பார்க்கிறார் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் வாசகரும் ஒரு ஜெர்மன் சொல்லைக் கற்றுக்கொண்டிருப்பார், அடைப்புக்குறி இல்லாமலே.

அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. தவறு தெரிந்த பிறகும் அந்தத் தவறான சொல் சாகாது. பாட்டியின் உச்சரிப்பில் "நொக்குமால்" என்றால் இடியப்பம். பையனின் உச்சரிப்பில் "நொஹ்மால்" என்றால் இன்னொரு தரம். இரண்டும் இரண்டு சொல்லாகிவிட்டன. பையன் பசித்து வரும்போது பாட்டியின் வாயைப் போலவே வாயை வைத்துக்கொண்டு "நொக்குமால்" என்பான். ஒரு ஜெர்மன் குழந்தை தன் தாய்மொழிச் சொல்லைத் தமிழ் வாயால் சொல்லித் தமிழ்ச் சாப்பாடு கேட்கிறது. அகராதியில் இல்லாத இந்த மாதிரிச் சொல்லைத்தான் அவர்களுடைய மொழி என்று சொல்ல வேண்டும். ஜெர்மன் சொற்களை எப்படி எழுதுவது என்று கேட்டீர்களே, இப்படித்தான்: யார் வாயில் வருகிறதோ அந்த வாய்க்கேற்ற எழுத்தில். ஆனால் ஒருவர் வாய்க்கு ஒரு எழுத்து என்று முடிவு செய்துவிட்டால் கடைசிப் பக்கம்வரை அதை மாற்றாதீர்கள். வாசகர் அந்த எழுத்தை வைத்துத்தான் சொல்லை அடையாளம் கண்டுகொள்கிறார்.

"திடீரென்று" என்ற புகாரின் மறுபாதிக்கு வருகிறேன். ஒரு சொல் பிறப்பதை மட்டும் காட்டினால் போதாது, அது தேய்வதையும் காட்ட வேண்டும். ஹெர்பர்ட் கிளார்க்கும் டியன்னா வில்க்ஸ்-கிப்ஸும் 1986இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல அளவுகோல். இரண்டு பேர், நடுவில் தடுப்பு. இருவரிடமும் ஒரே 12 உருவங்கள், எல்லாம் கோணல்மாணலாக வெட்டிய நிழல் மாதிரி, எதற்கும் பெயர் கிடையாது. ஒருவர் விவரிக்க, மற்றவர் அதே வரிசையில் அடுக்க வேண்டும். இப்படி ஆறு சுற்று. முதல் சுற்றில் ஒரு உருவத்தைச் சொல்ல சராசரியாக 41 சொல் தேவைப்பட்டது. பனியில் சறுக்கும் ஆள் மாதிரி இருக்கிறது, ஆனால் இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருக்கிறார் என்கிற ரீதியில். ஆறாவது சுற்றில் 8 சொல் போதுமானது. "பனிச்சறுக்குக்காரர்" என்றாலே மற்றவர் எடுத்துவிடுவார். அந்த இரண்டு பேருக்கும் ஒரே மொழிதான். ஆனாலும் பெயரில்லாத பொருளுக்கு அவர்கள் பெயர் வைத்துக்கொண்ட விதம் உங்கள் வீட்டு அடுப்படியில் நடந்ததுதான்.

உங்கள் கதையில் வாத்துக் குளம் இருக்கிறது, அதை வைத்துச் செய்து பாருங்கள். முதல் நாள் குளத்துக்குப் போகலாமா என்று கேட்க அம்மம்மா என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கும்? சப்பாத்தைக் காட்ட வேண்டும், ஜன்னலைக் காட்ட வேண்டும், இரண்டு விரலை மேசையில் நடக்கவிட வேண்டும், கையை இறக்கைபோல் அடித்து "க்வாக் க்வாக்" என்று கத்த வேண்டும். அதற்கு அரைப் பக்கம் கொடுங்கள். மூன்றாம் வாரம் விரல் நடையும் இறக்கையும் போய்விடட்டும், சப்பாத்தும் ஒரு "க்வாக்"கும் போதும். ஆறாம் வாரம் "க்வா?" மட்டும். இரண்டாம் மாத முடிவில் அவர் சப்பாத்தின் மேல் கை வைக்கிறார், பையன் எழுந்துவிடுகிறான். கடைசிக்கு ஒரே வரி. அரைப் பக்கம், மூன்று வரி, ஒரு வரி என்று பக்கத்தில் அது பிடிக்கும் இடமே குறைந்துகொண்டு போவதை வாசகர் கண்ணால் பார்ப்பார். "நாட்கள் ஓடின, இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டனர்" என்று ஏழாம் பக்கத்தில் இருக்கும் வாக்கியத்தை அப்புறம் நீங்களே அடித்துவிடுவீர்கள்.

சொல் மட்டும் இருந்தால் மொழி ஆகிவிடாது, கொஞ்சம் இலக்கணமும் வேண்டும். பயப்படாதீர்கள், ஒரே ஒரு துண்டு போதும். உங்கள் ஊரில் பிள்ளைகளைக்கூட மரியாதையாகத்தான் அழைப்பீர்கள்: வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ, குடியுங்கோ. அம்மம்மாவின் பேச்சில் பையன் காதில் திரும்பத் திரும்ப விழுவது எது? முன்பாதி ஒவ்வொரு முறையும் மாறுகிறது, "ங்கோ" மட்டும் மாறவில்லை. குழந்தைகளுக்குச் சொல்லின் வால் காதில் தங்கும், அதிலும் மாறாத வால் நிச்சயம் தங்கும். ஒரு நாள் பையன் கதவருகே நின்றுகொண்டு ஜெர்மனில் "வா" என்பதற்கான "கொம்" என்ற சொல்லை எடுத்து "கொம்மங்கோ!" என்கிறான். வரச் சொல்கிறான் என்று தெரிந்து அவர் போகிறார். இந்தச் சொல்லை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அதில் பாதி அவருடையது. இதை உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே உங்களுக்குச் சொல்லிக்காட்டுவதாக எழுதிவிடாதீர்கள். கதவருகே நடந்ததோடு விட்டுவிடுங்கள்.

இனி முடிவு. விமான நிலையம் வேண்டாம். வருடத்துக்கு நாலைந்து பாட்டி-பேரன் கதைகள் எனக்கு வருகின்றன. அவற்றில் குறைந்தது மூன்று விமான நிலையத்தில்தான் முடியும். குழந்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று முதன்முறையாகச் சுத்தத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லும். உங்கள் கதையில் "அம்மம்மா போகாதீங்கோ" என்கிறான். உங்கள் மகன் நிஜமாகவே அப்படிச் சொல்லியிருந்தாலும்கூட கதையில் அது எடுபடாது. 90 நாளாக அவர்கள் கட்டியதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, கடைசியில் தமிழ்தான் ஜெயித்தது என்று சொன்னதுபோல் ஆகிவிடும். "நொஹ்மால்" என்று கத்துவதாக மாற்றலாமா என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நாலாம் பக்கத்திலேயே வாசகர் அதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார் என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

பதிலாக உங்கள் எட்டாம் பக்கத்தில் வந்து போகிற ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்குக் கடைசியில் போங்கள். 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில், தொழிற்பேட்டை நடுவே கோபுரம், தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து வரும் கூட்டம். எங்களுக்குப் புதிதான இடம், நீங்கள் இரண்டு வரியில் தாண்டிவிட்டீர்கள். கதையில் முதன்முறையாக அம்மா, அதாவது நீங்கள், அவர்கள் இருவரோடும் ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான் இருக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லை விதைத்துவிட்டு வர வேண்டும். உரலை அழுத்தும்போது அம்மம்மா மூச்சோடு மூச்சாகத் தனக்குத்தானே "புழி, புழி" என்கிறார். பையன் உரலின் மேல் அவர் கைக்கு மேலே தன் கையை வைத்து அழுத்தியபடி அதையே சொல்கிறான். ஜெர்மன் நாக்கில் ழ வராது. அவன் வாயில் அது "புலி". அடுத்த வாரம் பல் விளக்கும்போது பற்பசைக் குழாயை நீட்டி "புலி" என்கிறான். நனைந்த காலுறையைக் கொடுத்து "புலி" என்கிறான், அவர் பிழிந்து கொடுக்கிறார். ஒரு நாள் இடி இடிக்கும்போது அவர் மடியில் ஏறி, அவருடைய இரண்டு கையையும் எடுத்துத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டு "புலி" என்கிறான். அவர் இறுக்கிக்கொள்கிறார். மூன்றே இடம், மூன்றும் சின்னச்சின்னது. இடி மின்னல் காட்சியில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட வர வேண்டாம்.

இப்போது கோயில். கூட்டம், நாதஸ்வரம், வெயில். பையன் களைத்துவிட்டான், ஆட்களின் கால்களுக்கு நடுவே நின்று மேலே பார்த்துக் கத்துகிறான்: "ஓமா! புலி! புலி!" எங்கள் ஊரில் அது மிருகம் மட்டும். உங்கள் ஆட்கள் நிறைந்த கூட்டத்தில் நாலு வயதுப் பிள்ளை அந்தச் சொல்லை உரக்கக் கத்தினால் எத்தனை தலை திரும்பும், திரும்பியவர் ஒவ்வொருவர் முகத்திலும் என்னென்ன இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அம்மா திகைத்து "என்னடா சொல்லுறாய்?" என்று தமிழிலும் ஜெர்மனிலும் மாறிமாறிக் கேட்கிறாள். இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளுக்குத்தான் விளங்கவில்லை. அம்மம்மா அர்ச்சனைத் தட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, "ஓம், ஓம்" என்றபடி குனிகிறார். அங்கேயே நிறுத்துங்கள். கட்டிப்பிடித்தார் என்றுகூட எழுத வேண்டாம், வாசகருக்கு அந்த மொழி இப்போது தெரியும்.

நீளம் பற்றிக் கொஞ்சம். இந்த மாதிரிக் கதையில் வாசகர் ஐந்து சொல்லைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார். ஓமா, நொக்குமால், கொம்மங்கோ, க்வா, புலி. ஆறாவதைச் சேர்த்தால் முதலாவது நழுவும். உங்கள் பிரதியில் பதினேழு ஜெர்மன் சொற்கள் இருக்கின்றன. எதை வெட்டுவது என்று தயங்கினால் ஒவ்வொரு சொல்லிடமும் கேளுங்கள்: நீ யார் வாயில் பிறந்தாய், முதலில் எப்படித் தப்பாக விளங்கினாய், அப்புறம் வேறு எதற்குப் பயன்பட்டாய்? மூன்றில் ஒன்றுக்காவது பதில் இல்லாத சொல்லை வெட்டிவிடலாம். "டுர்ஸ்ட்" அப்படிப் போய்விடும். மாங்காய்ப் பாடமும் போய்விடும்.

கடைசியாக எனக்கு ஒரு சந்தேகம். அம்மா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த உரல் மரமா, பித்தளையா? நீங்கள் "பாத்திரம்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மர உரல் என்றால் வயதானவர் ஒருவராக அழுத்துவது கஷ்டம், பையன் கை வைப்பது விளையாட்டாக இல்லாமல் நிஜ உதவியாகிவிடும். சுற்றிப் பிழிகிற பித்தளை என்றால் அவன் பிடியைத் திருகுவான், "புழி" என்ற சொல்லோடு வேறொரு கையசைவு சேரும். எது என்று பார்த்து, அதற்கேற்றபடி அந்தக் காட்சியை முதலில் எழுதி அனுப்புங்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.